கழுத்தை நீட்டிப் பறந்தால் கிரேன்தானா?

தமிழில் பெயரே நம்மைக் குழப்பிவிடும். சாம்பல் நாரை ஹெரான் இனம், செங்கால் நாரை ஸ்டார்க் இனம்; இரண்டையும் நாரை என்கிறோம். கிரேனையோ கொக்கு என்று சொல்லிவிடுகிறோம். அதனால் பறக்கும் பறவையின் படத்தை வைத்து இனம் பிரிக்கும்போது பெயரை மறந்துவிட்டு, முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். ஹெரான் கழுத்தை மடக்கித் தலையைத் தோளோடு ஒட்டிக்கொண்டு பறக்கும். கிரேனும் ஸ்டார்க்கும் நேராக நீட்டிப் பறக்கும்.

இந்த விதியை ஒரே ஒரு படத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பெரிய தவறு. கூந்தன்குளத்தில் நான் எடுத்த ஒரு படம்: சாம்பல் உடல், கறுத்த இறகு விளிம்பு, நீட்டிய கழுத்து. ராஜஸ்தானின் கீச்சனுக்கு வலசை வரும் குர்ஜா கிரேன் இங்கே எப்படி வந்தது என்று படபடத்துப் போனேன். அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தால், கால்கள் பின்னால் நீளாமல் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. பறவை அப்போதுதான் கிளம்பியிருக்கிறது. கழுத்தின் நடுவே ஒரு முறிவு தெரிந்தது. குர்ஜாவுக்குத் தொண்டையிலிருந்து நெஞ்சுவரை இருக்கும் கறுப்பும் இல்லை. அடுத்தடுத்த படங்களில் கழுத்து மடங்கிக்கொண்டே போனது. சாம்பல் நாரைதான். கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஹெரானும் கழுத்தை நீட்டும். கால் தொங்கினால் கழுத்தை நம்பாதீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அஸ்ஸாமின் ஹர்கிலா ஒரு ஸ்டார்க்தான், ஆனால் கழுத்தை உள்ளிழுத்துத்தான் பறக்கும். அதன் தடித்த பெரிய அலகே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, கழுத்து நீட்டியே இருக்கிறது. கிரேனா ஸ்டார்க்கா? இங்கேதான் சிறகடிப்பு உதவும், ஆனால் ஒற்றைப் படத்தில் அதைப் படிக்க முடியாது. சிறகு மேலே நிற்பதை வைத்து 'வேகமாக அடிக்கிறது' என்பது வெறும் ஊகம். கிரேன் சிறகை நிதானமாகக் கீழிறக்கி, வெடுக்கென்று மேலே தூக்கும். ஸ்டார்க் சில அடி அடித்து, சிறகை விரித்து மிதந்து, மறுபடி அடிக்கும். இவ்வளவு பெரிய பறவை நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அடிக்கும். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் ஓர் அடிப்புக்கு மூன்று முதல் ஐந்து படம்தான் கிடைக்கும், அந்த வெடுக்கு நழுவிப்போகும். அதனால் முடிந்தால் நொடிக்கு 60 ஃபிரேமில் பத்து விநாடி வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

வெப்பக் காற்றில் வட்டமிடும்போது கிரேனும் சிறகடிக்காமல் மிதக்கும் என்பதால், அந்த நேரத்து வீடியோவை வைத்து ஸ்டார்க் என்று முடிவெடுக்கக் கூடாது. நேர்கோட்டில் போகும்போது எடுத்ததுதான் பயன்படும்.

தமிழ்நாட்டில் எடுத்த படமென்றால், நீட்டிய கழுத்தைக் கண்டதும் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை என்ற ஸ்டார்க்குகளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் கழுத்தை நீட்டித்தான் பறக்கும், அவற்றை அலகு பிரித்துவிடும். கிரேன் இங்கே மிக அரிது.