படத்தை அனுப்ப அனுப்ப ஏன் மங்குகிறது? ஒரு கும்பாபிஷேக நோட்டீஸை வைத்துப் பார்ப்போம்

போன வருடம் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸை போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மாமா கூப்பிட்டார். "தம்பி, கீழே இருக்கிற நம்பர்ல கடைசி எழுத்து மூணா, எட்டா?" என்று கேட்டார். என் போனில் பளிச்சென்று 3 தெரிகிறது. அவரிடம் போய்ச் சேர்ந்த படத்தில் அது ஒரு கறுப்புத் திட்டு. நடுவில் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த 3 எப்படித் தொலைந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் முழு விஷயமும் புரிந்துவிடும்.

முதல் இழப்பு: அளவு சுருங்குவது

நோட்டீஸ் ஏ4 தாள், உயரம் 29.7 செ.மீ. என் போன் எடுத்த படம் 3000 × 4000 பிக்சல். தாள் படத்தின் உயரம் முழுக்க நிறைந்திருந்தது. அப்படியானால் 2 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் எண்ணுக்குச் சுமார் 27 பிக்சல் கிடைக்கிறது. வாசிக்கத் தாராளம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால், நீளமான பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதாவது 1200 × 1600. ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளில் மிஞ்சுவது ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. நம் எண்ணின் உயரம் இப்போது 11 பிக்சல். கண்ணைச் சுருக்கினால் படிக்கலாம்.

இப்போது ஒருவர் அதைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார். அவர் திரை 1080 × 2400 என்று வைத்துக்கொள்வோம். திரையில் நோட்டீஸ் 1080 × 1440 இடத்தில்தான் தெரியும், மேலும் கீழும் வெறும் கறுப்பு. அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பும்போது 2400 மறுபடி 1600 ஆகிறது, கூடவே நோட்டீஸ் 720 × 960 ஆகிவிடுகிறது. எண்ணின் உயரம் ஆறரை பிக்சல்! அந்த உயரத்தில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் ஓரிரு புள்ளிதான். ன-வும் ண-வும், ல-வும் ள-வும் அப்படித்தான் ஒன்றாகின்றன. மெய்யெழுத்தின் புள்ளி மொத்தமாகக் காணாமல் போகும்.

இரண்டாவது இழப்பு: ஜேபெக் செய்யும் தோராயம்

அளவு மாறாவிட்டாலும் இழப்பு உண்டு. படத்தைச் சிறிய jpg கோப்பாகச் சேமிக்கும் ஜேபெக் முறை, படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மெதுவான நிறமாற்றம், எவ்வளவு நுணுக்கமான கோடு என்பதை 64 எண்களாக எழுதிக்கொள்கிறது. பிறகு ஒவ்வோர் எண்ணையும் ஏதோ ஒன்றால் வகுத்து முழு எண்ணாக்கிச் சேமிக்கிறது. இந்த முழு எண்ணாக்கும் இடத்தில்தான் விவரம் போகிறது.

உதாரணமாக ஓர் எண் 37. பத்தால் வகுத்தால் 3.7, அதை 4 என்று எழுதுகிறது. படத்தைத் திறக்கும்போது 4 × 10 = 40. மூன்று கூடிவிட்டது, பரவாயில்லை. ஆனால் எண் வெறும் 4 ஆக இருந்தால் 0.4, அதாவது 0. அது இனி எந்த வழியிலும் திரும்பி வராது. எழுத்துகளின் ஓரம், மெல்லிய கோடு எல்லாம் இந்தச் சின்ன எண்களில்தான் இருக்கின்றன. எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலப் புள்ளிகள் தெரிகிறதே, அது இதன் அடையாளம். நிறத்தைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்றுதான் வைத்துக்கொள்கிறது. அதனால் மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து சாயம் கசிந்தது போல ஆகிறது.

அந்த 40-ஐ மறுபடி பத்தாலேயே வகுத்தால் 4 தான் வரும், புது இழப்பு இல்லை. வேறு ஆப் பன்னிரண்டால் வகுத்தால் 3 ஆகி, திறக்கும்போது 36 ஆகும். இடையில் அளவு மாற்றினாலோ ஓரத்தை வெட்டினாலோ கட்டங்களே இடம் மாறி, எல்லாம் முதலிலிருந்து தோராயமாகும். ஆகவே ஆப் மாற்றி, வெட்டி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதுதான் படத்தைக் கெடுக்கிறது. வாட்ஸ்அப்புக்குள்ளேயே ஃபார்வேர்டு செய்தால் பொதுவாக ஏற்கெனவே சுருங்கிய அதே கோப்புதான் போகும். ஃபார்வேர்டு பட்டனை நம்பலாம்.

சரி, எப்படி அனுப்புவது?

1. முதலில் கையில் இருப்பது அசலா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயர் `IMG-20250114-WA0003.jpg` போல இருந்தால், அந்த WA வாட்ஸ்அப்பில் வந்த நகல் என்று சொல்கிறது. கேலரியில் விவரங்கள் பகுதியில் பிக்சல் அளவும் இருக்கும். நோட்டீஸ் படம் 720 × 960 என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அசலை எடுத்தவரிடம் கேளுங்கள்.

2. அசலை அப்படியே வைத்துவிட்டு, ஒரு நகலில் மேஜை, கை, தரை எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். வெட்டும் வேலையை ஒரே தடவையில் முடியுங்கள்.

3. நான்கைந்து எம்பி கோப்பு பலருக்குப் பாரம் என்றால் நீங்களே சுருக்குங்கள். பிரவுசரில் `squoosh.app` திறந்து படத்தைப் போடுங்கள். படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. Resize டிக் செய்து உயரத்தை 2400 ஆக்குங்கள். அதில் நம் எண்ணுக்கு 16 பிக்சல் கிடைக்கும். கீழே MozJPEG தேர்ந்து Quality-ஐ 80-இல் வையுங்கள். நடுவில் இருக்கும் கோட்டை இழுத்தால் இடப்பக்கம் அசல், வலப்பக்கம் சுருங்கியது தெரியும். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மிகச் சின்ன எழுத்துக்கு அருகே பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே கொசு மொய்த்தால் Quality-ஐ 85-க்கு ஏற்றுங்கள்.

4. அனுப்பும்போது இணைப்புக் குறியைத் தொட்டு Document வழியாக அனுப்புங்கள். டெலிகிராமில் File. அப்போது கோப்பு ஒரு பைட்கூட மாறாமல் போகும். படமாக அனுப்பினால் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த 2400-ஐ ஆப் மறுபடி சுருக்கிவிடும். HD பட்டன் 1600-ஐ விடப் பெரிதாக அனுப்பும். குடும்பப் படங்களுக்கு அது போதும், ஆனால் அதுவும் கம்ப்ரஸ் செய்ததுதான்.

ஓர் எச்சரிக்கை. Document-ஆகப் போகும் அசலில், எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் கூடவே போகலாம். வீட்டில் எடுத்த படத்தைத் தெரியாதவர்களுக்கு அப்படி அனுப்பாதீர்கள்.

போனில் நீங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் பிஎன்ஜி கோப்பாக இருந்தால், ஜேபெக் ஆக்காமல் அப்படியே Document-இல் விடுங்கள். பிஎன்ஜி எதையும் தோராயமாக்குவதில்லை, எழுத்து நிறைந்த படங்களுக்கு அதுவே நல்லது. அதே பிஎன்ஜியைக் கேமரா படத்துக்குப் பயன்படுத்தினால் கோப்பு பல மடங்கு வீங்கிவிடும்.

அப்புறம், பெறுகிறவர் அதைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதை நம்மால் தடுக்க முடியாது. அதனால் இப்போதெல்லாம் நோட்டீஸ் அனுப்பும்போது தேதி, நேரம், போன் நம்பர் மூன்றையும் படத்துக்குக் கீழே தனிச் செய்தியாகத் தட்டச்சு செய்துவிடுகிறேன். மாமா அந்த நம்பரை ஒருமுறை தொட்டால் போதும், அழைப்பு போய்விடுகிறது.