பக் தேடும்போது மண்டைக்குள் ஓடுவதைப் புதியவருக்குக் காட்டுவது எப்படி?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு பைத்தான் பழக்கிவிடும் வேலை என்னிடம் வந்தது. கோட் ஓடவில்லை என்று கூப்பிடுவார். நான் போய் எட்டிப் பார்த்து, "இதோ, இந்த வரி" என்று விரலை வைப்பேன். "சரிக்கா, புரிஞ்சுது" என்பார். மறுநாள் கிட்டத்தட்ட அதே பிழையோடு அதே முகம். இப்படியே மூன்று வாரம் போனது. அவருக்குக் கவனம் போதாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தவறு என் பக்கம் இருந்தது: வரியைக் காட்டினேன், அதைக் கண்டுபிடித்த யோசனையைக் காட்டவில்லை.

பிறகு தேடிப் படித்தபோது, யோசனையைக் காட்டிப் பழக்குவதற்கு ஒரு பெயரே இருப்பது தெரிந்தது: காக்னிட்டிவ் அப்ரென்டிஸ்ஷிப். ஆலன் காலின்ஸ், ஜான் சீலி பிரவுன், சூசன் நியூமன் மூவரும் 1989-இல் எழுதிய கட்டுரையில் இதை விரிவாக வைத்தார்கள். தையல் பழகும் பையனுக்கு மாஸ்டரின் கை, கத்தரி, துணி எல்லாமே கண்ணுக்குத் தெரியும். கணக்குப் போடுகிறவர், கோட் எழுதுகிறவர் தலைக்குள் நடப்பது யாருக்கும் தெரியாது. அதனால் அதை வேண்டுமென்றே வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்னது. செய்து காட்டுவது, பக்கத்தில் இருந்து திருத்துவது, மெல்ல விலகுவது என்ற மூன்றையும் நான் எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன். ஃபங்ஷன், லூப் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உங்கள் யோசனையை முதலில் நீங்களே பிடியுங்கள்

நான் விரல் வைத்த கோட்களில் ஒன்று இது:

```python
def average(marks):
    total = 0
    for i in range(1, len(marks)):
        total += marks[i]
    return total / len(marks)

print(average([60, 70, 80]))   # 50.0
```

அவர் பார்த்தது, நான் மூன்று நொடியில் `range(1` என்ற இடத்தைத் தொட்டதை மட்டும். "லூப் வந்தால் range-ஐப் பார்க்கணும் போல" என்று எடுத்துக்கொண்டார். நான் செய்ததோ வேறு. கோடைப் படிக்கவே இல்லை, விடையைத்தான் பார்த்தேன். இருப்பதிலேயே சின்ன எண் 60. சராசரி அதற்கும் கீழே 50 என்று வரவே முடியாது. 50-ஐ மூன்றால் பெருக்கினால் 150, வரவேண்டிய கூட்டுத்தொகை 210. காணாமல் போனது 60, அது பட்டியலின் முதல் எண். அப்படியானால் லூப் முதல் எண்ணைத் தாண்டிவிட்டது. இதற்கப்புறம்தான் கண் `range`-க்குப் போனது.

இவ்வளவு ஓடியது எனக்கே தெரியாது. பழகிப்போன யோசனை சத்தமில்லாமல் நடக்கும். அதைப் பிடிக்க நான் கண்ட ஒரே வழி, போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு ஒரு பிழையைப் பேசிக்கொண்டே தேடுவதுதான். பிறகு கேட்டுப் பாருங்கள். எங்கே பேச்சு நின்று, சட்டென்று விடை வருகிறதோ, அந்த மௌனத்தில்தான் நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியது இருக்கிறது. திரையைப் பதிவு செய்யும் மென்பொருள் வேண்டாம் என்பேன். திரை தெரிந்தால் மறுபடி கையைத்தான் பார்ப்போம்.

படி 2: விடை தெரியாத பிழையை எடுத்துச் செய்து காட்டுங்கள்

முதல் முறை நான் ஏற்கெனவே தீர்த்து வைத்திருந்த பிழையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேர்கோட்டில் போய் முடிந்தது, நாடகம் மாதிரி. ஒரு தடுமாற்றம்கூட இல்லை. அதைப் பார்க்கிறவருக்கு, "தெரிந்தவர்களுக்குத் தானாக வரும், எனக்கு வராது" என்றுதான் படும்.

கணிதப் பேராசிரியர் ஆலன் ஷோன்ஃபெல்ட் தன் வகுப்பில் மாணவர்களையே கடினமான கணக்குகளைக் கொண்டுவரச் சொல்லி, அவர்கள் முன்னாலேயே போட்டுப் பார்ப்பாராம். சில சமயம் தப்பான வழியில் போவார், திரும்பி வருவார். அந்தத் திரும்பி வருவதைத்தான் பழகுகிறவர் பார்க்க வேண்டும். எனவே அவரையே ஒரு பிழையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். "இங்கே இருக்கும்னு நினைச்சேன், இல்லை. ஏன் நினைச்சேன்னா..." என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு அமர்வில் ஒரு பிழை போதும். முடிந்ததும், நீங்கள் முதலில் எதைப் பார்த்தீர்கள், எங்கே மனதை மாற்றிக்கொண்டீர்கள் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். "லூப்பைப் பாத்தீங்க" என்றால் இன்னும் கைதான் தெரிகிறது என்று அர்த்தம். "விடை வரக்கூடியதான்னு கேட்டீங்க" என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: பக்கத்தில் இருந்து திருத்துவது (நான் வழுக்கி விழுந்த இடம்)

கீபோர்டு அவரிடமே இருக்கட்டும். இது எழுதச் சுலபம், செய்ய அவ்வளவு கஷ்டம். என் கையை நான் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அவருக்கு வேறு ஒரு பிழை:

```python
def biggest(nums):
    m = 0
    for n in nums:
        if n > m:
            m = n
    return m

print(biggest([-5, -2, -9]))   # 0
```

முந்தையதற்கும் இதற்கும் வரிகள் வேறு, கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். 0 அந்தப் பட்டியலிலேயே இல்லையே, எப்படி வந்தது? இப்படி யோசனை ஒன்றாகவும் கோட் வேறாகவும் இருக்கும் பிழையைத்தான் இரண்டாவதாகக் கொடுக்க வேண்டும். கோடும் ஒரே மாதிரி இருந்தால் வரியை மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அவர் நிற்கும்போது எவ்வளவு உதவுவது? நான் ஐந்து படி ஏணி ஒன்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். முதல் படி, "இப்ப என்ன பண்றீங்க?" அடுத்தது, "விடையைப் பாத்தா என்ன தோணுது?" மூன்றாவது, "இந்த எண் பட்டியலில் இருக்கா?" நான்காவது, "ஒவ்வொரு சுற்றிலும் m என்னன்னு தாளில் எழுதுங்க." ஐந்தாவது, அந்த ஒரு அடியை மட்டும் நானே செய்து காட்டுவது. டேவிட் வுட் என்ற உளவியலாளர் சொன்ன விதி இதற்கு அப்படியே பொருந்தும்: தடுமாறினால் உடனே ஒரு படி கூடுதல் உதவி, செய்துவிட்டால் அடுத்த முறை ஒரு படி குறைவு.

இந்த விதி தெரிந்தும் எனக்கு வேலை செய்யவில்லை. காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. அவர் கோடைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரியில் கர்சரை வைப்பார், திரும்பிப் பார்ப்பார். நான் "ம்ம்" என்றால் அங்கேயே நிற்பார், பேசாமல் இருந்தால் நகர்ந்துவிடுவார். பிழையை என் புருவம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது! அதைவிட மோசம், அவர் தப்பாகப் போகும்போது மட்டும் "ஏன்?" என்று கேட்டிருக்கிறேன். எனவே அந்த "ஏன்" காதில் விழுந்ததும் அழித்துவிட்டு வேறு எழுதுவார்.

இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, நாற்காலியை அவருக்குப் பின்னால் சாய்வாகப் போட்டேன், முகம் தெரியாதபடி. இரண்டு, சரியாகச் செய்யும்போதும் அதே குரலில் கேட்டேன். கேள்விகள் ஷோன்ஃபெல்ட் மாணவர்களிடம் கேட்ட மூன்றுதான்: என்ன செய்கிறீர்கள், ஏன் செய்கிறீர்கள், அது எப்படி உதவும்?

அதன் பலன் இந்தப் பிழையிலேயே தெரிந்தது. தாளில் m-ஐ எழுதிப் பார்த்து, 0-ஐ யாரும் தாண்டவே இல்லை என்று கண்டுபிடித்தார். `m = -100` என்று மாற்றினார். விடை -2, சரி. பழைய நான் "சூப்பர்" என்று எழுந்து போயிருப்பேன். "ஏன் -100?" என்றேன். "இதைவிடச் சின்ன எண் வராதில்ல..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தானே `[-500]` கொடுத்துப் பார்த்தார். அப்புறம் `m = nums[0]` என்று எழுதினார். சரியான விடைக்குப் பிறகு கேட்ட அந்த "ஏன்" இல்லையென்றால் இது வெளியே வந்திருக்காது.

டீபக்கரை இந்தக் கட்டத்தில் நான் திறக்க விடுவதில்லை. தாளும் `print`-ம் போதும். டீபக்கரில் அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே இருக்கலாம், எதையும் எதிர்பார்க்காமலே. தாளில் எழுத வேண்டுமென்றால் அடுத்து என்ன வரும் என்று முதலில் யோசித்தாக வேண்டும்.

படி 4: மெல்ல விலகுவது

கட்டடத்துக்குக் கட்டிய சாரத்தை ஒரே நாளில் உருவ மாட்டார்கள். நான் உருவினேன். இரண்டு பிழைகளை அவரே தீர்த்ததும், "இனி நீங்களே பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு என் வேலைக்குப் போய்விட்டேன். நான்கு நாள் ஒரே பிழையில் உட்கார்ந்திருந்தார், கேட்கக் கூச்சம்.

இப்போது ஏணியைக் கீழிருந்து எடுக்காமல் மேலிருந்து எடுக்கிறேன். முதலில் நான் செய்து காட்டுவது போகும், பிறகு தாளில் எழுதச் சொல்வது, கடைசியில்தான் "என்ன பண்றீங்க?" என்ற கேள்வி. அதுவும் உடனே மறையாது: வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு மூன்று கேள்விகளையும் ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினோம். அவர் அட்டையைப் பார்க்காமலே கேள்வியை முணுமுணுப்பது கேட்டதும், கழற்றிவிடலாமா என்று கேட்டேன். எத்தனை பிழைக்குப் பிறகு என்று கணக்கு வைக்காதீர்கள். அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை 1: "மூன்று கேள்வியையும் மந்திரம் மாதிரி சொல்கிறார், பிழை மட்டும் அகப்படவில்லை" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கும் நடந்தது. "இந்த விடை வரக்கூடியதா?" என்ற கேள்வி கைகொடுக்காத ஒரு பிழையைக் கொடுங்கள். முதல் உதாரணத்தில் லூப்பைச் சரியாக வைத்துவிட்டு, கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள்:

```python
    return total // len(marks)

print(average([60, 70, 81]))   # 70
```

70 வரக்கூடிய விடைதான், சந்தேகமே வராது. கையால் வகுத்தால்தான் 70.33 என்று தெரியும். இங்கே வேண்டியது வேறு கேள்வி: மனக்கணக்காகவே விடை தெரியும் சின்ன உள்ளீடு ஏதாவது உண்டா? `[1, 2]` கொடுத்தால் 1.5-க்குப் பதில் 1 வந்து நிற்கும். கேள்வியை எப்போது கைவிடுவது என்பதையும் நீங்கள் ஒருமுறை பேசிக்கொண்டே செய்து காட்ட வேண்டும், அதாவது படி 2-க்குத் திரும்ப வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின்சேர்க்கை 2: வேறு மொழியில் சில வருடம் எழுதிவிட்டு வந்தவரிடம் இதைச் செய்தால் எரிச்சல்படுகிறார் என்று இன்னொருவர் சொன்னார். நியாயம். புதியவருக்குத் தூக்கிவிடும் உதவி, தெரிந்தவருக்குத் தடையாகிவிடும். அவர் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும்போது உங்கள் கேள்வி குறுக்கே விழுகிறது. நான் இப்போது யாராக இருந்தாலும் முதல் பிழையை எந்த உதவியும் இல்லாமல் கொடுத்து, ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கிறேன். கோடை அங்கங்கே மாற்றி ஓடவிட்டுப் பார்த்தால் படி 2-லிருந்து ஆரம்பம். விடையை முதலில் பார்த்தால் நேராக அட்டைதான்.