கால்குலேட்டரில் குலுக்கல்: 42 பேரில் 6 பேரைத் தேர்ந்தெடுக்க

கேசியோ fx-82MS போன்ற கால்குலேட்டரில் SHIFT அழுத்திப் புள்ளி பட்டனைத் தட்டினால் Ran# வரும். அது 0.000 முதல் 0.999 வரை ஏதோ ஓர் எண்ணைத் தரும். வகுப்பில் 42 பேர், வருகைப் பதிவில் 1 முதல் 42 வரை விடுபடாத வரிசை எண்கள் என்றால் இப்படி அடியுங்கள்:

```
42 × Ran# + 1 =
```

Ran# 0.347 ஆக இருந்தால் திரையில் 15.574 தெரியும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிடுங்கள். 15-ஆம் எண் மாணவர் தேர்வாகிறார். அடுத்த எண்ணுக்கு மறுபடி = அழுத்தினால் போதும்.

பலரும் தவறுவது இங்கேதான்: 15.574-ஐ 16 என்று முழுமையாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் 1-ஆம் எண்ணுக்கு வாய்ப்பு பாதியாகக் குறையும், வகுப்பிலேயே இல்லாத 43-உம் வரும்.

வந்த எண்ணே திரும்ப வந்தால் அதை விட்டுவிட்டு, 6 வெவ்வேறு எண்கள் சேரும்வரை தொடருங்கள். வராத மாணவரின் எண் விழுந்தால் மறுபடி = அழுத்துங்கள். பக்கத்து எண்ணை எடுத்துக்கொள்ளவே கூடாது. எடுத்தால் அந்தப் பக்கத்து எண் மாணவருக்கு மட்டும் வாய்ப்பு இரட்டிப்பாகிவிடும்.

fx-991ES போன்றவற்றில் விடை பின்னமாகத் தெரிந்தால் S⇔D பட்டனை அழுத்துங்கள், தசமமாக மாறும்.