சுடோகுவுக்கு ஒரே விடைதானா?

சுடோகு கட்டம் அமைத்ததும் கணினியிடம் ஒரு விடை கேட்டால் போதாது. இரண்டாவது விடையையும் தேடச் சொல்ல வேண்டும். அது கிடைத்தால் புதிர் செல்லாது, தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடிக்கடி மாட்டும் இடம் ஒன்று உண்டு. விடையில் முதல் வரிசையின் 2, 5ஆம் கட்டங்களில் 3, 7. இரண்டாம் வரிசையில் அதே இடங்களில் 7, 3 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் இடம் மாற்றினாலும் வரிசை, நெடுவரிசை, பெட்டி எதுவும் கெடாது. ஆகவே இந்த நான்கில் ஒன்றாவது கொடுக்கப்பட்ட எண்ணாக இருந்தே தீர வேண்டும்.

சரி, ஓர் எண் தேவையா என்று எப்படிப் பார்ப்பது? உதாரணமாக, கொடுத்த 5ஐ எடுத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் 5 வரக் கூடாது என்று தடை போட்டுத் தேடுங்கள். விடையே வராவிட்டால் அந்த 5 உபரி.

ஆனால் உபரி என்று தெரிந்ததையெல்லாம் மொத்தமாக நீக்காதீர்கள். மேலே சொன்ன நான்கில் இரண்டு கொடுக்கப்பட்டிருந்தால், தனித்தனியே இரண்டுமே உபரியாகத் தெரியலாம். சேர்த்து எடுத்தால் இரண்டு விடை வந்துவிடும். ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் மறுபடி சோதியுங்கள். அழகுக்காகவோ எளிமைக்காகவோ சில உபரி எண்களை விட்டுவைப்பதில் தவறில்லை.