தவணை கட்டியும் கடன் ஏன் குறையவில்லை? கடன் கூற்றை வரி வரியாக வாசிக்கும் முறை

நிலாவெளியில் என் மச்சானுக்கு விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்த ஐந்து இலட்சம் ரூபாய் கடன் எடுத்தார். ஆண்டு வட்டி 18 வீதம், 36 மாதங்கள், மாதத் தவணை 18,076.20 ரூபாய். ஆறு தவணை ஒழுங்காகக் கட்டிய பிறகு கூற்றை என்னிடம் நீட்டி, "ஒரு இலட்சத்துக்கு மேல கட்டிட்டேன், கடன் அறுபத்தையாயிரம்தான் குறைஞ்சிருக்கு, இது சரியா?" என்று கேட்டார். தொகை சரிதான். ஏன் சரி என்று அவருக்கு எப்படிக் காட்டினேனோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். கையில் பேனாவும் தொலைபேசியில் உள்ள கணிப்பானும் போதும்.

முதலில், கையில் இருப்பது எந்தத் தாள்?

கடன் எடுக்கும்போது தரப்படுவது தவணை அட்டவணை. 36 மாதமும் ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டினால் என்ன நடக்கும் என்பதை அது முன்கூட்டியே காட்டும். பிறகு நீங்கள் கேட்டு வாங்குவது கடன் கூற்று. உண்மையில் எந்தத் திகதியில் எவ்வளவு கட்டப்பட்டது, அது எப்படிப் பிரிக்கப்பட்டது என்பது அதில்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது.

கூற்றில் தேட வேண்டியவை திகதி, கட்டிய தொகை, வட்டி, முதல், மீதி. முதல் என்ற பத்திக்குச் சில இடங்களில் கப்பிட்டல் என்றும் சில இடங்களில் பிரின்சிப்பல் என்றும் தலைப்பு இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

வட்டி, அந்த மாதத்துக்கு முன்பிருந்த மீதிக்குத்தான் கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு 18 வீதம் என்றால் மாதத்துக்கு 1.5 வீதம். ஆகவே முதல் மாதத்தில் 500,000-ஐ 0.015-ஆல் பெருக்குங்கள். 7,500 ரூபாய் வரும். தவணை 18,076.20-இல் இந்த 7,500 வட்டிக்குப் போய்விடுகிறது. மிஞ்சும் 10,576.20 மட்டுமே முதலைக் குறைக்கிறது. மீதி 489,423.80.

இரண்டாம் மாதத்தில் அந்தப் புது மீதியைப் பெருக்குங்கள். வட்டி 7,341.36. தவணை மாறவில்லை, வட்டி 158 ரூபாய் குறைந்துவிட்டது. அந்த 158-உம் முதலுக்குப் போகிறது, அதனால் இம்முறை 10,734.84 கழிகிறது. மூன்றாம் மாதம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கழியும். இப்படி நகர்ந்து கடைசித் தவணைக்கு வரும்போது வட்டி 267 ரூபாய்தான் இருக்கும், மற்றதெல்லாம் முதல்.

மச்சானின் குழப்பம் இதில்தான் தீர்ந்தது. ஆறு தவணையில் அவர் கட்டியது 108,457 ரூபாய். அதில் முதலாகக் கழிந்தது ஏறக்குறைய 65,885, மீதி 434,115. காலத்தில் பாதி, அதாவது 18 மாதம், முடிந்தாலும் 283,300 ரூபாய் மீதி இருக்கும். பாதிக் காலம் போனால் பாதிக் கடன் போய்விடும் என்று நினைப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கணினியில் விரிதாள் திறக்கத் தெரிந்தால், எந்த மாதத்தின் வட்டியையும் நேரே எடுக்கலாம். ஏழாம் மாதத்துக்கு:

```
=IPMT(18%/12,7,36,-500000)
```

விடை 6,511.73. `IPMT` என்ற இடத்தில் `PPMT` என்று போட்டால் அதே மாதத்தில் முதலுக்குப் போகும் தொகை கிடைக்கும்.

கூற்றில் உள்ள தொகை கொஞ்சம் விலகினால்

பல வங்கிகள் வட்டியை நாள் கணக்கில் போடும். அப்போது 500,000-க்கு 31 நாள் மாதத்தில் 7,643.84 ரூபாயும், 28 நாள் மாதத்தில் 6,904.11 ரூபாயும் வரும். மீதியை 0.18-ஆல் பெருக்கி, நாட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 365-ஆல் வகுத்துப் பாருங்கள். பொருந்தினால் பிழையில்லை.

தவணை பிந்தினால் இன்னொரு விதமாக விலகும். கட்டும் காசிலிருந்து பெரும்பாலும் முதலில் தாமதக் கட்டணமும், பிறகு சேர்ந்த வட்டியும் எடுக்கப்படும். மிஞ்சியதுதான் முதலுக்கு. இரண்டாம் தவணையில் 10,734 கழிய வேண்டிய இடத்தில் 10,300 மட்டும் கழிந்திருந்தால், அந்த 434 ரூபாய் எந்தப் பெயரில் எடுக்கப்பட்டது என்று அந்த வரியிலேயே தேடுங்கள். காணவில்லை என்றால் கூற்றைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

வட்டிப் பத்தியில் ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை இருந்தால் கடனின் வகையே வேறு. அங்கே முழுக் கடனுக்கும் முழுக் காலத்துக்கும் வட்டியைப் போட்டு 36-ஆல் வகுத்திருப்பார்கள். ஐந்து இலட்சத்துக்கு அதே 18 வீதம் என்றாலும் மூன்று ஆண்டு வட்டி 270,000 ரூபாய். மச்சானின் கடனில் அது 150,743 மட்டுமே. கையெழுத்து வைக்க முன்பு கேட்க வேண்டியது இதைத்தான்: வட்டி குறையும் மீதிக்கா, முழுத் தொகைக்கா?

மேலதிகமாகக் கட்டிய காசு எங்கே போனது?

எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரைதான் கடல் அமைதியாக இருக்கும், ஆட்களும் வருவார்கள். மழைக்காலத்தில் அறைகள் காலி. அதனால் ஆறாம் தவணை கட்டிய ஓகஸ்ட்டில், கையில் இருந்த ஒரு இலட்சத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டார் மச்சான். வைப்புச் சீட்டில் கடன் இலக்கத்தைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை.

அடுத்த கூற்றில் ஏழாம் தவணையின் வட்டி 6,511.73 என்றே இருந்தது. ஒரு இலட்சம் முதலிலிருந்து கழிந்திருந்தால் வட்டி அதில் 1.5 வீதம், அதாவது 1,500 ரூபாய் குறைந்து 5,011.73 ஆகியிருக்க வேண்டும். குறையவில்லை என்றால் காசு முதலைத் தொடவில்லை. வரப்போகும் தவணைகளுக்கான முற்பணமாக அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். காசு தொலையவில்லை, ஆனால் வட்டியைக் குறைக்கும் வேலையை அது செய்யவில்லை.

கிளைக்குப் போய், அந்தத் தொகையை முதலிலிருந்து கழிக்கும்படி கடிதம் கொடுத்தோம். கூடவே இரண்டு கேள்விகள் கேட்டோம். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா? கழித்த பிறகு தவணைத் தொகையைக் குறைப்பீர்களா, மாதங்களைக் குறைப்பீர்களா? கட்டணம் இல்லை என்றார்கள். மாதங்களைக் குறைக்கச் சொன்னோம்.

ஓகஸ்ட்டிலேயே கழித்திருந்தால் மிச்சமிருந்த 30 தவணை 22 ஆகியிருக்கும், வட்டியில் ஏறக்குறைய 48,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். கடிதம் ஒரு மாதம் பிந்தியதால் 1,500 ரூபாய் போனது, மற்றதைப் பிடித்துவிட்டோம். இப்போது மேலதிகமாகக் கட்டும்போதெல்லாம் மச்சான் சீட்டில் "முதலுக்கு" என்று எழுதி, பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறார். அடுத்த கூற்று வந்ததும் வட்டிப் பத்தியைத்தான் முதலில் பார்க்கிறார்.