ஏழு சமிக்ஞைகள், மூன்று இடங்கள்: தரவரிசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புப் பங்குச் சந்தை பிற்பகல் 2.30க்கு மூடியதும், உப்புவெளியில் இருக்கும் நண்பர் மறுநாளுக்கான பட்டியலை எடுப்பார். சடுதியாக விழுந்த பங்கை வாங்கி, அது மீளும்போது விற்பது அவருடைய முறை. கையில் மூன்று இலட்சம் ரூபாய். பங்குக்கு ஒரு இலட்சம் என மூன்று இடங்கள். ஒரு நாள் ஏழு பங்குகளில் வாங்கலாம் என்ற சமிக்ஞை வந்தால் எந்த மூன்றை எடுப்பது?

தெரிந்த நிறுவனம் என்று கைபோன போக்கில் எடுப்பதுதான் முதல் தவறு. பழைய தரவில் சோதித்தது ஒரு முறை, பணம் போடுவது வேறொரு முறை என்றாகிவிடும். சோதனை மென்பொருளிலும் இதே தவறு ஒளிந்திருக்கலாம். தரவரிசை விதி கொடுக்காவிட்டால் சில மென்பொருள்கள் பெயரின் அகரவரிசைப்படியே பங்குகளை எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது, விழுந்த சதவீதத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவது. 100 ரூபாய்ப் பங்கு 8 ரூபாய் விழுந்திருக்கிறது. அதன் வழக்கமான ஒரு நாள் ஏற்ற இறக்கம் 4 ரூபாய். 50 ரூபாய்ப் பங்கு 3 ரூபாய் விழுந்திருக்கிறது. அதன் வழக்கம் 1 ரூபாய். சதவீதப்படி முதலாவதே முன்னிற்கும். ஆனால் அது தன் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கும், மற்றது மூன்று மடங்கும் விழுந்திருக்கின்றன. இந்த முறைக்கு இரண்டாவதே பொருத்தம். வெறும் சதவீதம் எப்போதும் துள்ளிக்கொண்டிருக்கும் பங்குகளையே மேலே கொண்டுவரும். கொடுக்கல் வாங்கல் மிகக் குறைந்த பங்குகளை வரிசைப்படுத்துவதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும்.

மிக மோசமான தவறு கண்ணில் படுவதே இல்லை. நண்பர் அன்றைய இறுதி விலையிலிருந்து 3 சதவீதம் குறைத்து விலை குறித்து, மறுநாளுக்கான வாங்கும் கட்டளை போடுகிறார். மறுநாள் வரிசையில் 1, 4, 6ஆம் பங்குகள் மட்டும் அந்த விலைக்கு இறங்குகின்றன. சோதனை மென்பொருள் அந்த மூன்றையும் வாங்கியதாகக் காட்டும்; எவை இறங்கின என்பது பழைய தரவில் அதற்குத் தெரியும். நண்பரின் பணமோ 1, 2, 3ஆம் பங்குகளின் கட்டளைகளில் கட்டுண்டு கிடக்கிறது. அவருக்குக் கிடைப்பது ஒன்றுதான். சோதனையில் வந்த இலாபத்தில் ஒரு பகுதி அவரால் ஒருபோதும் போட்டிருக்க முடியாத கட்டளைகளுடையது.

தீர்வு எளிது. முதல் நாள் மாலையே மேல் மூன்றைத் தீர்மானித்து, சோதனையிலும் அந்த மூன்றுக்கு மட்டுமே கட்டளை போட வேண்டும். வாங்கப்படாத இடம் வெறுமையாகவே இருக்கட்டும். திருத்திய பின் இலாபம் குறையலாம், ஆனால் அதுவே கைக்கு எட்டக்கூடிய எண்.

விதி உண்மையிலேயே உதவுகிறதா என்பதையும் பாருங்கள். அதே நாட்களில் அதே சமிக்ஞைகளிலிருந்து குலுக்கல் முறையில் மூன்றைத் தேர்ந்து, சோதனையைச் சில நூறு தடவை ஓட்டுங்கள். உங்கள் விதியின் விளைவு அந்தக் குலுக்கல் விளைவுகளின் நடுப்பகுதியில் விழுந்தால், வரிசை எதையும் சேர்க்கவில்லை. மேல் விளிம்பில் தெளிவாக நின்றால் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.