கருவியும் ஆசிரியரும் ஒத்துப்போகிறார்களா: கப்பா கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஹட்டனில் இரண்டு இளம் ஆசிரியர்கள் ஒரு கணக்கைக் கொண்டுவந்து காட்டினார்கள். தரம் 8 பிள்ளைகளின் புவியியல் சிறுவிடைகளைத் தானாகத் திருத்தும் கணினிக் கருவி ஒன்றை இருவரும் சோதித்திருந்தார்கள். கருவிக்கும் தங்களுக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா 0.81 என்று வந்திருந்தது. "நல்லா வந்திருக்கு சேர், இனி மத்தப் பாடசாலைகளுக்கும் கொடுக்கலாம்தானே?" என்று கேட்டார்கள்.

எத்தனை விடை என்று கேட்டேன். 160 என்றார்கள். தொடங்கும்போது எத்தனை? 200. மீதி 40 எங்கே?

"அந்த நாற்பதுல எங்க ரெண்டு பேருக்குமே ஒத்துவரல்ல சேர். அதனால எடுத்துட்டோம்."

இந்தத் துறைக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அந்த எண்ணை நம்பி ஒரு கருவியைப் பரிந்துரைத்தும் விட்டேன். இத்தனை வருடம் கழித்தும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அட்டவணையில் வரிசை பிசகுவது, ஒரு விடையை இரண்டு முறை எண்ணுவது போன்ற பிழைகள் தாமாகவே கண்ணில் பட்டுவிடும். அவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

## ஆசிரியர்கள் ஒத்துப்போகாத விடைகளைத் தூக்கிவிடுவது

அவர்களுடைய கணக்கை முழு 200 விடைகளுக்கும் அன்றே போட்டுப் பார்த்தோம். ஒருவர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஆசிரியை. மற்றவர் மலையகத்துக்கு வெளியே இருந்து நியமனம் பெற்று வந்தவர். ஆசிரியை 130 விடைகளைச் சரி என்றும் மற்றவர் 110 விடைகளைச் சரி என்றும் திருத்தியிருந்தார்கள். இருவரும் சரி என்றவை 100, இருவரும் பிழை என்றவை 60. ஆசிரியை மட்டும் சரி என்றவை 30, மற்றவர் மட்டும் சரி என்றவை 10.

200இல் 160 ஒத்துப்போவதால் ஒத்திசைவு 80 சதவீதம். ஆனால் விடையைப் படிக்காமல், இதே விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி போட்டிருந்தாலும் ஓரளவு ஒத்துப்போயிருக்கும். இருவரும் தற்செயலாகச் சரி என்பதற்கு 0.65 × 0.55, பிழை என்பதற்கு 0.35 × 0.45. இரண்டையும் கூட்டினால் 0.515. இந்தத் தற்செயல் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பதுதான் 1960இல் ஜேக்கப் கோஹன் முன்வைத்த கப்பா. கீழே po என்பது ஒத்திசைவு, pe என்பது தற்செயல் பங்கு.

```
k = (po - pe) / (1 - pe)
k = (0.80 - 0.515) / (1 - 0.515) = 0.59
```

அப்படியானால் இரண்டு மனிதர்களுக்குள்ளேயே கப்பா 0.59தான். கருவிக்கு 0.81 எப்படி வந்தது? ஆசிரியர்கள் இருவருமே ஒரே முடிவுக்கு வந்த விடை என்றால், பெரும்பாலும் அது சந்தேகமே இல்லாத விடை. தெளிவாகச் சரி, அல்லது தெளிவாகப் பிழை. அதில் கருவியும் சரியாகத்தான் சொல்லும். கடினமான கேள்விகளை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தது மாதிரிதான் இது. நாளைக்கு வகுப்பறையில் கருவி வேலை செய்யும்போது அந்த ஐந்தில் ஒரு விடையை யாரும் அகற்றிக் கொடுக்கப் போவதில்லை.

200 விடைகளையும் வைத்து, கருவியை ஒவ்வொரு ஆசிரியருடனும் தனித்தனியாக ஒப்பிட்டோம். ஆசிரியையுடன் கப்பா 0.55, மற்றவருடன் 0.76. இந்த இடைவெளியைக் கண்டதும் அந்த 40 தாள்களையும் மேசையில் பரப்பச் சொன்னேன்.

கேள்வி, சரிவான நிலத்தில் மண்ணரிப்பைக் குறைக்கும் வழி ஒன்றைக் குறிப்பிடுக என்பது. மாதிரி விடையில் வடிகால் அமைத்தல், மூடுபயிர் நடுதல் என்று இருந்தது. ஒரு பிள்ளை பென்சிலால் அழுத்தி, "மலையில கான் வெட்டுவாங்க" என்று எழுதியிருந்தது. தேயிலை மலையில் குறுக்காகக் கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுவது அந்தப் பிள்ளையின் வீட்டில் அன்றாடம் பேசும் வேலை. கான் என்றால் வடிகால்தான். ஆசிரியை உடனே புள்ளி கொடுத்துவிட்டார். மற்றவருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை, பிழை என்று போட்டார். கருவியும் பிழை என்றது.

ஆசிரியை மட்டும் சரி என்ற 30 விடைகளில் 25ஐக் கருவி பிழையாக்கியிருந்தது. பெரும்பாலானவை தோட்டத்துப் பேச்சில் எழுதியவை. அதாவது கருவியின் தவறு இரண்டு பக்கமும் சிதறி விழவில்லை, ஒரே வகைப் பிள்ளைகளின் மேல் விழுந்தது. அந்தத் தவறு தெரியக்கூடிய ஒரே இடம் அகற்றப்பட்ட அந்த நாற்பதுதான்.

அதனால் எப்போதும் மூன்று கப்பாவைச் சேர்த்தே பாருங்கள்: ஆசிரியருக்கும் ஆசிரியருக்கும், கருவிக்கும் முதல் ஆசிரியருக்கும், கருவிக்கும் இரண்டாம் ஆசிரியருக்கும். கீழே a, b ஆசிரியர்கள் இருவரின் புள்ளிப் பட்டியல்கள், m கருவியின் புள்ளிப் பட்டியல்.

```python
from sklearn.metrics import cohen_kappa_score as k
print(k(a, b), k(m, a), k(m, b))
```

மூன்றாவது ஆள் ஒருவரை வைத்துச் சிக்கலான விடைகளுக்குத் தீர்ப்புச் சொல்ல வைக்கலாம், அது நல்ல வழி. ஆனால் தீர்ப்புக்கு முந்தைய புள்ளிகளை அழித்துவிடாதீர்கள். அவை இல்லாமல் மனிதர்களுக்கிடையே எவ்வளவு ஒத்துப்போனது என்று பிறகு சொல்லவே முடியாது. அப்புறம், கப்பா ஓர் எண் மட்டும்தான். கருவி யார் பக்கம் சாய்கிறது என்று அது சொல்லாது. சரி–பிழை அட்டவணையைப் போட்டு, ஒத்துப்போகாத கட்டங்களில் உள்ள விடைகளைக் கண்ணால் வாசிக்கத்தான் வேண்டும்.

## கருவியின் புள்ளியை முதலில் காட்டிவிட்டு ஆசிரியரைத் திருத்தச் சொல்வது

கூடாது. திரையில் ஓர் எண்ணைக் கண்டபிறகு மனம் அதன் பக்கமே இழுபடும். அப்படி வரும் கப்பாவை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

## 0 முதல் 5 வரையான புள்ளிக்கும் சாதாரண கப்பா

ஆசிரியர் 4 போட்ட இடத்தில் கருவி 3 போடுவதும் 0 போடுவதும் சாதாரண கப்பாவுக்கு ஒரே தவறு. புள்ளிக்கு வரிசை இருக்கும்போது, தவறு எவ்வளவு தூரமோ அதற்கேற்ப எடை போட, மேலே உள்ள நிரலில் `weights="quadratic"` என்று கொடுங்கள். எடையிட்டதா, இடாததா என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இரண்டும் வெவ்வேறு எண்கள், ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

## "0.61 தாண்டிவிட்டது, போதும்"

0.61 முதல் 0.80 வரை கணிசமான ஒத்திசைவு என்ற பிரிப்பு லாண்டிஸ், கோச் இருவரும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்து வருகிறது. எல்லைகள் தாங்களாக வகுத்தவை என்று அவர்களே அதில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கான அளவுகோல், அதே விடைகளில் உங்கள் இரண்டு ஆசிரியர்களுக்கிடையே வந்த கப்பா.

## நாற்பது ஐம்பது விடையில் முடித்துக்கொள்வது

40 விடையில் 0.59 வந்தால், உண்மை ஏறத்தாழ 0.33க்கும் 0.84க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 200 விடை என்றால் அந்த இடைவெளி 0.47 முதல் 0.70 வரை சுருங்கும்.

## திருத்திய பிறகு அதே விடைகளில் மறுபடி சோதிப்பது

அந்த இரண்டு ஆசிரியர்களும் கான், லயம், கொழுந்து போன்ற சொற்களைப் புள்ளித் திட்டத்தில் சேர்த்தார்கள். பிறகு அதே 200 விடைகளைக் கருவியிடம் மறுபடி கொடுக்கப் போனார்கள், நான் தடுத்துவிட்டேன். அந்த விடைகளைப் பார்த்துத்தானே சொற்களைச் சேர்த்தோம், எண் ஏறாமல் எப்படி இருக்கும்? இப்போது பண்டாரவளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இருந்து புதிய விடைத்தாள்கள் வந்திருக்கின்றன. இருவரும் ஒருவர் புள்ளியை மற்றவர் பார்க்காமல் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒத்துப்போகாதவற்றைத் தனிக் கட்டாக, அகற்றாமல், அடுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.